ஜெர்மன் அலுவலகத்தில் தொலைபேசி ஒலித்தால்: பெயர், எண், நேரம் பிழையில்லாமல் குறித்துக்கொள்வது எப்படி?

தொழிற்பயிற்சிக்காகவும் வேலைக்காகவும் ஜெர்மனிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் மொழித் தேர்வில் தேறிவிடுகிறார்கள். எதிரில் நின்று பேசுபவரின் வாயசைவையும் முகத்தையும் பார்த்து, பாதி புரிந்தாலும் சமாளித்துவிடுகிறார்கள். தொலைபேசியில் அந்த உதவி எதுவும் கிடைக்காது. காதில் விழும் ஒலியை மட்டும் நம்பி ஒரு பெயரையும் ஓர் எண்ணையும் ஒரு நேரத்தையும் தாளில் எழுதியாக வேண்டும். அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

ஒரு காட்சியை வைத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். இதில் வரும் பெயர்கள் எல்லாம் எடுத்துக்காட்டுக்காக நாம் வைத்தவை. கொலோன் நகரில் வீடுகளுக்கு வெப்பமூட்டும் கருவி பொருத்தும் சிறிய நிறுவனம் ஒன்று. ஜனவரி மாதம், வெளியே கடும் குளிர். அலுவலகத்தில் பயிற்சியாளராக இருக்கும் ஹாஜா மட்டும் இருக்கிறார். பொறுப்பாளர் க்ரௌஸ் வெளியே போயிருக்கிறார். தொலைபேசி ஒலிக்கிறது. ஒரு பெண் பேசுகிறார். அவர் வீட்டில் வெப்பமூட்டி நின்றுவிட்டது, வயதான தாயார் வீட்டில் இருக்கிறார், இன்றே ஆள் வர வேண்டும் என்கிறார். தம் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்கிறார், எண்ணைச் சொல்கிறார், எத்தனை மணிக்கு வரலாம் என்றும் சொல்கிறார்.

ஹாஜா எழுதிய சீட்டில் இருந்தது இதுதான்: Faeth, 0221 7410 835, பிற்பகல் 3:30.

அந்தப் பெண் சொன்னதோ இது: Veith, 0221 4710 853, பிற்பகல் 2:30.

மூன்று செய்திகள், மூன்றும் தவறு. Faeth என்று தேடினால் வாடிக்கையாளர் பட்டியலில் யாரும் கிடைக்க மாட்டார்கள், ஆகவே முகவரியும் கிடைக்காது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று அழைத்தால் எண் வேறு யாருக்கோ போகும். ஒருவேளை முகவரி கிடைத்துவிட்டாலும் ஆள் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் போவார். முதியவர் ஒருவர் இரவு முழுவதும் குளிரில் இருக்க இது போதும். ஹாஜா கவனக்குறைவானவர் அல்லர். அவர் கேட்டதைத்தான் எழுதினார். ஆங்கிலமும் தமிழும் பழகிய காது ஜெர்மன் ஒலிகளை எங்கெங்கே மாற்றிக் கேட்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் இருந்தது. அந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தொலைபேசியை எடுத்தவுடன்

நம் ஊரில் தொலைபேசியை எடுத்தால் "ஹலோ" என்போம். யார், எங்கிருந்து என்பதெல்லாம் பிறகு வரும். ஜெர்மன் அலுவலகத்தில் "ஹலோ" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், அழைத்தவர் தவறான எண்ணைப் போட்டுவிட்டோமோ என்று குழம்பிப்போவார். எடுத்தவர்தான் முதலில் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். முதலில் நிறுவனத்தின் பெயர், பிறகு எடுத்தவரின் குடும்பப் பெயர், கடைசியில் "குட்டென் டாக்" என்ற முகமன். "வணக்கம், நல்ல நாள்" என்பது போன்றது அது.

குடும்பப் பெயர் என்ற இடத்தில் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. நம்மிடம் பெரும்பாலும் ஒரே பெயரும் தந்தை பெயரின் முதலெழுத்தும்தான் இருக்கும். ஜெர்மனியில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி குடும்பப் பெயர் பதிவாகும். அது வாப்பாவின் பெயராகவும் இருக்கலாம். எது பதிவாகியிருந்தாலும், அலுவலக மின்னஞ்சலிலும் கதவுப் பலகையிலும் இருக்கும் அதே பெயரைத் தொலைபேசியிலும் சொல்வதுதான் நல்லது. ஓரிடத்தில் ஒரு பெயர், இன்னோரிடத்தில் வேறு பெயர் என்றால், மறுநாள் அழைப்பவர் உங்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

தென் ஜெர்மனியில் "க்ரியுஸ் கொட்" என்ற முகமன் காதில் விழும். வடக்கே "மொயின்" என்பார்கள். இரண்டும் அந்தந்தப் பகுதி மக்கள் சாதாரணமாகச் சொல்பவை. நீங்கள் "குட்டென் டாக்" என்று பதில் சொன்னால் எந்த ஊரிலும் யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். அழைத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது ஆணானால் "ஹெர்", பெண்ணானால் "ஃப்ரௌ" என்று சேர்த்து, குடும்பப் பெயரைச் சொல்ல வேண்டும். "நீங்கள்" என்பதற்கு "ஸீ". "நீ" என்ற பொருளில் வரும் "டூ" வாடிக்கையாளரிடம் கூடாது.

எழுத்துகள்: ஆங்கிலக் காது ஏமாறும் இடம்

அந்தப் பெண் தம் பெயரை "ஃபைட்" என்றார். எழுத்துக் கூட்டிச் சொல்லும்போது "ஃபௌ, ஏ, ஈ, டே, ஹா" என்றார். ஆங்கிலம் படித்த ஹாஜா "ஃபௌ" என்பதை F என்று எழுதினார். "ஏ" என்றதும் கை தானாகவே A எழுதியது. "ஈ" என்றதும் E எழுதியது. Faeth பிறந்த கதை இதுதான்.

ஜெர்மனில் A எழுத்தின் பெயர் "ஆ". E எழுத்தின் பெயர் "ஏ". I எழுத்தின் பெயர் "ஈ". ஆக, ஆங்கிலத்தில் A என்று கேட்கும் ஒலி அங்கே E, ஆங்கிலத்தில் E என்று கேட்கும் ஒலி அங்கே I. பிழைகளில் பெரும்பாதி இந்த இரண்டு இடங்களில்தான் நடக்கிறது. தமிழ் உயிரெழுத்தை நினைத்துக்கொண்டால் வழி எளிது: ஆ, ஏ, ஈ, ஓ, ஊ என்ற நம் ஐந்து நெடில்களே ஜெர்மன் A, E, I, O, U.

அடுத்தது V, W, J. ஜெர்மனில் V எழுத்தின் பெயர் "ஃபௌ". W எழுத்தின் பெயர் "வே". "வே" என்று கேட்டவுடன் V என்று எழுதத் தோன்றும். அது W. J எழுத்தின் பெயர் "யோட்". Y எழுத்துக்கு "உப்ஸிலோன்" என்று நீளமான பெயர். Z எழுத்துக்கு "ட்ஸெட்".

மூன்றாவது சிக்கல் ஜெர்மானியருக்கும் உண்டு. B, P இரண்டின் பெயரும் கிட்டத்தட்ட "பே" என்றே கேட்கும். முதலாவது 'பஸ்' என்பதில் வரும் ஒலி, இரண்டாவது 'படி' என்பதில் வரும் ஒலி. D, T இரண்டும் "டே" போலவே இருக்கும். தொலைபேசியில் M, N இரண்டையும் பிரித்தறிவதும் கடினம். நம் எழுத்தில் இந்த ஒலிகளில் பலவற்றுக்கு ஒரே எழுத்துதான் இருப்பதால் நமக்கு இன்னும் கடினம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல்லைச் சொல்லும் வழக்கம் இதற்காகத்தான் வந்தது.

இரண்டு பட்டியல்கள்

இன்று ஜெர்மனியில் இரண்டு பட்டியல்கள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, ஆட்பெயர்கள் நிறைந்த பழைய பட்டியல். இன்னொன்று, டிஐஎன் 5009 என்ற தரநிலையில் 2022-இல் வந்த நகரப் பெயர்ப் பட்டியல். அலுவலகப் பயன்பாட்டுக்கு என வந்தது புதியதுதான். ஆனாலும் நடுவயதைத் தாண்டிய வாடிக்கையாளர் பெரும்பாலும் பழையதைத்தான் சொல்வார். எனவே சொல்வதற்கு ஒன்று போதும், கேட்பதற்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். கீழே ஒவ்வொரு எழுத்துக்கும் முதலில் பழைய சொல், அடுத்துப் புதிய சொல்.

A: அன்டோன், ஆஹென்
B: பெர்ட்டா, பெர்லீன்
C: ட்ஸேசார், கெம்னிட்ஸ்
D: டோரா, டியுஸெல்டோர்ஃப்
E: ஏமீல், எஸ்ஸென்
F: ஃப்ரீட்ரிஹ், ஃப்ராங்க்ஃபுர்ட்
G: குஸ்டாஃப், கொஸ்லார்
H: ஹைன்ரிஹ், ஹம்புர்க்
I: ஈடா, இங்கெல்ஹைம்
J: யூலியுஸ், யேனா
K: கௌஃப்மன், கோல்ன்
L: லூட்விஹ், லைப்ட்ஸிஹ்
M: மார்ட்டா, மியுன்ஹென்
N: நோர்ட்போல், நியுர்ன்பெர்க்
O: ஓட்டோ, ஓஃபென்பாஹ்
P: பௌலா, போட்ஸ்டாம்
Q: க்வெல்லெ, க்விக்போர்ன்
R: ரிஹார்ட், ரோஸ்டோக்
S: ஸாமுவேல் அல்லது ஸீக்ஃப்ரீட், ஸால்ட்ஸ்வேடெல்
T: டேஓடோர், டியுபிங்கென்
U: உல்ரிஹ், உன்னா
V: விக்டோர், ஃபொல்க்லிங்கென்
W: வில்ஹெல்ம், வுப்பெர்டால்
X: க்ஸன்டிப்பெ, க்ஸன்டென்
Y: இரண்டிலும் உப்ஸிலோன்
Z: ட்ஸஹரீயாஸ் அல்லது ட்ஸெப்பெலீன், ட்ஸ்விக்கௌ

ஜெர்மனுக்கே உரிய ä, ö, ü ஆகிய மூன்றுக்கும் பழைய பட்டியலில் தனிச் சொற்கள் இருந்தன. புதியதில் "உம்லௌட்" என்று முன்னால் சேர்த்து "உம்லௌட் ஆஹென்" என்பது போலச் சொல்கிறார்கள். ß எழுத்தின் பெயர் "எஸ்ட்ஸெட்". விசைப்பலகையில் இவை இல்லாவிட்டால் ä-வுக்கு ae, ö-வுக்கு oe, ü-வுக்கு ue, ß-க்கு ss என்று எழுதலாம். வாடிக்கையாளர் பட்டியலில் Müller கிடைக்காவிட்டால் Mueller என்றும் தேடிப் பார்க்க இதுவே காரணம்.

புதிய பட்டியலில் ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். C-க்கு உரிய நகரமான கெம்னிட்ஸ் காதுக்குக் "க" என்று தொடங்கும். கேட்டவுடன் K எழுதிவிடக் கூடாது. K என்றால் கோல்ன் அல்லது கௌஃப்மன் என்றுதான் வரும்.

ஆட்பெயர்களை விட்டு நகரங்களுக்கு ஏன் மாறினார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. முன்பிருந்த பட்டியலில் D-க்கு டேவிட், N-க்கு நாட்டான், S-க்கு ஸாமுவேல், Z-க்கு ட்ஸஹரீயாஸ் என்று இருந்தன. நாம் தாவூத், ஜகரிய்யா என்று சொல்லும் நபிமார்களின் பெயர்களும் அவற்றில் உள்ளன. நாஜி ஆட்சியில், 1934-இல், இவை யூதப் பெயர்கள் என்று நீக்கப்பட்டன. டேவிட் போய் டோரா வந்தது, நாட்டான் போய் வடதுருவம் என்று பொருள்படும் நோர்ட்போல் வந்தது, ஸாமுவேல் போய் ஸீக்ஃப்ரீட் வந்தது, ட்ஸஹரீயாஸ் போய் ட்ஸெப்பெலீன் வந்தது. போருக்குப் பின் ஸாமுவேலும் ட்ஸஹரீயாஸும் பட்டியலுக்குத் திரும்பின. டேவிட்டும் நாட்டானும் திரும்பவில்லை. மக்கள் வாயிலும் பழக்கம் போகவில்லை. S, Z இரண்டுக்கும் இன்று இரண்டிரண்டு சொற்கள் காதில் விழுவது இதனால்தான். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் யூத வெறுப்புக்கு எதிரான பொறுப்பாளர் மிக்கேல் ப்ளூமெ இதை மாற்ற வேண்டும் என்று குரல் கொடுத்தார். அதன்பின் ஆட்பெயர் எதுவும் வேண்டாம் என்று நகரங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எண்கள்: ஒன்றின் இடம் முதலில்

அந்தப் பெண் தம் எண்ணின் பிற்பகுதியை "ஸீபென்-உன்ட்-ஃபியர்ட்ஸிஹ், ட்ஸேன், ஆஹ்ட், ட்ரை-உன்ட்-ஃபியுன்ஃப்ட்ஸிஹ்" என்றார். சொல்லுக்குச் சொல் எடுத்தால் "ஏழும் நாற்பதும், பத்து, எட்டு, மூன்றும் ஐம்பதும்". அதாவது 47, 10, 8, 53. தமிழில் நாற்பத்து ஏழு, ஐம்பத்து மூன்று என்று பெரியதை முதலில் சொல்கிறோம். ஜெர்மனில் சின்னது முதலில் வரும். ஹாஜா காதில் விழுந்த வரிசையிலேயே எழுதினார். 47 என்பது 74 ஆனது, 53 என்பது 35 ஆனது.

அரபி படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அரபியிலும் நாற்பத்து ஏழு என்பதை "ஏழும் நாற்பதும்" என்றுதான் சொல்வோம்: ஸப்அத்துன் வஅர்பஊன். மதரஸாவில் எண்களைப் படித்த பிள்ளை அந்த வரிசையை நினைவில் கொண்டால் ஜெர்மன் எண் உடனே பிடிபடும்.

ஆனால் தொலைபேசியில் நினைவை நம்புவதைவிட இலக்கம் இலக்கமாகக் கேட்பதுதான் பாதுகாப்பு. "பிட்டெ டீ ட்ஸிஃபெர்ன் ஐன்ட்ஸெல்ன்" என்றால் "இலக்கங்களைத் தனித்தனியாகச் சொல்லுங்கள்" என்று பொருள். யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்போது 2-ஐ "ட்ஸ்வை" என்பதற்குப் பதில் "ட்ஸ்வோ" என்று சொல்வதைக் கேட்பீர்கள். "ட்ஸ்வை", "ட்ரை" இரண்டும் தொலைபேசியில் ஒன்றுபோல ஒலிப்பதால் வந்த வழக்கம் அது. நீங்களும் அப்படியே சொல்லலாம்.

அழைத்தவரின் எண் திரையில் தெரிகிறதே, அதையே எழுதிக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அவர் அலுவலகத்திலிருந்து அழைத்திருப்பார், மாலையில் வீட்டு எண்ணுக்கு அழைக்கச் சொல்வார். திரையில் தெரிவதை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நேரம்: அரை என்றால் எந்த அரை?

"இரண்டரைக்கு வாருங்கள்" என்பதை அந்தப் பெண் "ஹல்ப் ட்ரை" என்றார். "ஹல்ப்" என்றால் அரை, "ட்ரை" என்றால் மூன்று. தமிழ்க் காதுக்கு இது மூன்றரை. ஜெர்மனில் இதன் பொருள் மூன்றாவது மணி பாதி ஆகியிருக்கிறது, அதாவது 2:30. நாம் கடந்த மணியோடு அரையைச் சேர்க்கிறோம், அவர்கள் வரப்போகும் மணியில் பாதி என்கிறார்கள். இதைத் தெரியாமல் வந்த எல்லாரும் ஒரு முறையாவது ஒரு மணி நேரம் தாமதமாகப் போயிருப்பார்கள்.

இதற்கு மருந்து ஒன்றுதான். அழைத்தவர் எப்படிச் சொன்னாலும், நீங்கள் திருப்பிச் சொல்லும்போது இருபத்து நான்கு மணிக் கணக்கில் சொல்லுங்கள். "ஆல்ஸோ ஃபியர்ட்ஸேன் ஊர் ட்ரைஸிஹ்?" என்றால் "அப்படியென்றால் 14:30 மணியா?" என்று பொருள். "யா" என்று பதில் வந்தால் சீட்டில் 14:30 என்று எழுதுங்கள். பகலா இரவா என்ற ஐயமும் இதனால் தீரும்.

செய்தியைக் குறித்துக்கொள்வது

தேடிய ஆள் இல்லாதபோது எடுத்தவரின் வேலை, செய்தி வாங்குவது. "ஹெர் க்ரௌஸ் இஸ்ட் கெராடெ நிஹ்ட் இம் ஹௌஸ்" என்றால் "க்ரௌஸ் இப்போது அலுவலகத்தில் இல்லை". அதற்கு மேல் காரணம் சொல்லத் தேவையில்லை. குறிப்பாக, உடன் பணிபுரிபவர் உடல்நலமில்லாமல் விடுப்பில் இருக்கிறார் என்று வெளியாளிடம் சொல்லக் கூடாது. அவருடைய சொந்தக் கைபேசி எண்ணையும் அவர் அனுமதியில்லாமல் கொடுக்கக் கூடாது. நம் ஊரில் "பாவம், காய்ச்சலா இருக்கார், இந்தாங்க நம்பர்" என்று சொல்வது அன்பு. அங்கே அது தனிமனிதத் தகவலை வெளியிடுவது.

பிறகு "கன் இஹ் ஈம் எட்வாஸ் ஔஸ்ரிஹ்டென்?" என்று கேட்க வேண்டும். "அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்பது பொருள். தொலைபேசிக் குறிப்புக்கு "டெலெஃபோன்நோடிட்ஸ்" என்று பெயர். பல அலுவலகங்களில் இதற்கென அச்சிட்ட தாளோ கணினிப் படிவமோ இருக்கும். இல்லாவிட்டால் வெற்றுத் தாளில் இவற்றை எழுதினால் போதும்: அழைப்பு வந்த நாளும் நேரமும், யாருக்கான செய்தி, அழைத்தவரின் பெயரும் நிறுவனமும், எண், என்ன விஷயம், அடுத்து யார் என்ன செய்ய வேண்டும், குறித்தவரின் பெயர்.

கடைசிக்கு முன் உள்ளதுதான் பெரும்பாலும் விடுபடுவது. "பிட்டெட் உம் ரியுக்ரூஃப்" என்றால் நம்மவர் திருப்பி அழைக்க வேண்டும் என்று அவர் கேட்கிறார். "ரூஃப்ட் வீடெர் அன்" என்றால் அவரே மறுபடி அழைப்பார். இரண்டையும் மாற்றி எழுதினால் இரண்டு பக்கமும் காத்துக்கொண்டிருப்பார்கள், யாரும் அழைக்க மாட்டார்கள். ஐயமிருந்தால் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புரியாவிட்டால் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று உரையாடலைக் கைபேசியில் பதிவு செய்ய நினைப்பவர்கள் உண்டு. எதிரில் பேசுபவரின் ஒப்புதல் இல்லாமல் பதிவு செய்வது ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்க அதில் இடமுண்டு. நல்ல எண்ணத்தோடு செய்தாலும் இதில் இறங்க வேண்டாம். திரும்பக் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

அதே அழைப்பு, இந்த முறை சரியாக

ஹாஜா மறுபடி தொலைபேசியை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் பெயர், "ஹாஜா, குட்டென் டாக்" என்கிறார். எழுதுகோல் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

அந்தப் பெண் வேகமாகப் பேசுகிறார். வெப்பமூட்டி நின்றுவிட்டது என்பது புரிகிறது. ஹாஜா குறுக்கிட்டு, "ஐனென் மொமென்ட் பிட்டெ, இஹ் ஷ்ரைபெ மிட்" என்கிறார். "ஒரு நிமிடம், எழுதிக்கொள்கிறேன்" என்பது பொருள். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டவுடன் எதிரில் இருப்பவர் தாமாகவே வேகத்தைக் குறைப்பார்.

"கொன்டென் ஸீ ஈரென் நாமென் பிட்டெ பூஹ்ஷ்டபீரென்?" உங்கள் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்வீர்களா?

"ஃபௌ, ஏ, ஈ, டே, ஹா."

ஹாஜா எழுதுகிறார். ஆனால் அத்தோடு விடவில்லை. சொற்களை வைத்துத் திருப்பிக் கேட்கிறார்: "ஃபொல்க்லிங்கென், எஸ்ஸென், இங்கெல்ஹைம், டியுபிங்கென், ஹம்புர்க்?"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தம் பழக்கப்படி சொல்கிறார்: "விக்டோர், ஏமீல், ஈடா, டேஓடோர், ஹைன்ரிஹ்." பட்டியல் வேறு, எழுத்துகள் அவையேதான். Veith.

அடுத்து எண். 0221 என்பது கொலோனின் பகுதி எண். மீதியை அவர் "ஸீபென்-உன்ட்-ஃபியர்ட்ஸிஹ்" என்று தொடங்கியதும் ஹாஜா இலக்கம் இலக்கமாகக் கேட்டு எழுதுகிறார். பிறகு "இஹ் வீடெர்ஹோலெ", அதாவது "திருப்பிச் சொல்கிறேன்" என்று தொடங்கி, நுல், ட்ஸ்வோ, ட்ஸ்வோ, ஐன்ஸ், ஃபியர், ஸீபென், ஐன்ஸ், நுல், ஆஹ்ட், ஃபியுன்ஃப், ட்ரை என்று ஒவ்வொன்றாகப் படிக்கிறார். கடைசியில் "ஷ்டிம்ட் டாஸ் ஸோ?" சரிதானா என்று கேட்கிறார்.

நேரத்துக்கு அவர் "ஹல்ப் ட்ரை" என்றதும், ஹாஜா "ஃபியர்ட்ஸேன் ஊர் ட்ரைஸிஹ்?" என்று கேட்டு 14:30 என்று எழுதுகிறார். "மூன்று மணிக்கு மேல் வீட்டில் நான் இருக்க மாட்டேன், தாயாரால் கதவைத் திறக்க முடியாது" என்று அந்தப் பெண் சேர்த்துச் சொல்கிறார். ஹாஜா அதையும் எழுதுகிறார். முன்பு எழுதிய 3:30 எவ்வளவு பெரிய தவறாக முடிந்திருக்கும் என்பது இந்த ஒரு வரியில் தெரிகிறது.

இன்று ஆளை அனுப்ப முடியும் என்று ஹாஜாவே வாக்குக் கொடுக்கவில்லை. அது க்ரௌஸின் முடிவு. "இஹ் கேபெ எஸ் ஸொஃபோர்ட் வைட்டெர்" என்கிறார், "உடனே தெரிவிக்கிறேன்". முடிக்கும்போது "ஔஃப் வீடெர்ஹோரென்" என்று விடைபெறுகிறார். நேரில் பிரியும்போது சொல்லும் "ஔஃப் வீடெர்ஸேன்" என்றால் மீண்டும் பார்ப்போம். தொலைபேசியில் மீண்டும் கேட்போம் என்று பொருள்படும் இதையே சொல்வார்கள்.

சீட்டில் இப்போது இருப்பது: ஃப்ரௌ Veith, 0221 4710 853. வெப்பமூட்டி நின்றுவிட்டது, வீட்டில் முதியவர், அவசரம். இன்று 14:30-க்கு ஆள் வேண்டும், 15:00-க்கு மேல் கதவு திறக்க ஆளில்லை. திருப்பி அழைக்கக் கேட்கிறார். நேரம் 9:40, குறித்தவர் ஹாஜா. க்ரௌஸ் இதைப் படித்துவிட்டு யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

உங்கள் பெயரை அவர்கள் எழுதும்போது

பாதை மறுபக்கமும் உண்டு. நீங்கள் "ஹாஜா" என்று சொன்னால் ஜெர்மானியர் தம் எழுத்து முறைப்படி Hadscha என்று எழுதக்கூடும். Haja என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் "ஹாயா" என்று படிப்பார், ஏனென்றால் J அங்கே "ய". Jaffar "யாஃபர்" ஆவார், Zakir "ட்ஸாகிர்" ஆவார். யூசுஃப் என்று சொன்னால் J-யில் தொடங்கி எழுதுவார்கள், Yusuf என்று உங்கள் ஆவணத்தில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. ஆகவே பெயரைச் சொன்ன கையோடு எழுத்துகளையும் சொல்லிவிடுவது நல்லது: "ஹம்புர்க், ஆஹென், யேனா, ஆஹென்". உச்சரிப்பு மாறினாலும் எழுத்து மாறாது. பணி ஒப்பந்தத்திலும் காப்பீட்டிலும் வங்கியிலும் எழுத்துதான் கணக்கு.

இதைப் பழக ஜெர்மனிக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் இருவர் ஒருவருக்கொருவர் முகம் தெரியாமல், அறைக்கு ஒருவராக இருந்து தொலைபேசியில் பேசுங்கள். குடும்பத்தில் உள்ளவர்களின் பெயர்களை ஒருவர் ஜெர்மன் எழுத்துப் பெயர்களில் மட்டும் சொல்லட்டும், மற்றவர் எழுதிக்கொண்டு நகரப் பெயர்களில் திருப்பிச் சொல்லட்டும். பிறகு கைபேசி எண்களை ஜெர்மனில் இரண்டிரண்டு இலக்கங்களாகச் சொல்லி எழுதுங்கள். ஜெர்மன் தெரியாத உம்மாவாலும் மேலே உள்ள பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதியது சரிதானா என்று பார்த்துச் சொல்ல முடியும். E எழுத வேண்டிய இடத்தில் கை A-வுக்குப் போவது நின்றுவிட்டால், அலுவலகத் தொலைபேசியை எடுக்கப் பிள்ளை தயார்.